பையர் வந்து போன மறுநாள் எழுத வேண்டிய மெயில்

ஆர்டர் கொடுப்பதற்காகக் கம்பெனியைப் பார்க்க வந்த பையரின் கார் கேட்டைத் தாண்டியதும் கம்பெனியே மூச்சு விடும். காலையில் ஒளித்து வைத்த டீ டம்ளர்கள் மேசைக்குத் திரும்பி வரும், முதலாளி சாப்பிடப் போய்விடுவார், மாஸ்டர்கள் அவரவர் செக்‌ஷனுக்குக் கலைந்துவிடுவார்கள். பையரோடு பேசி ஆர்டரைப் பார்த்துக்கொள்ளப் புதிதாகச் சேர்ந்த மெர்ச்சண்டைசருக்கு வேலை ஆரம்பிப்பதே அப்போதுதான். "அவங்களுக்கு ஒரு தேங்க்ஸ் மெயில் போட்டுரு" என்று யாராவது போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள்.

அந்த மெயிலை எப்படி எழுதுவது என்று திருப்பூர் பனியன் கம்பெனியின் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எனக்குத் தெரிந்த உலகம் இதுதான். உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். நெதர்லாந்திலிருந்து ஒரு குழந்தைகள் ஆடை பிராண்டின் பையரும் அவர்களுடைய குவாலிட்டி ஆளும் மார்ச் 12, புதன்கிழமை வந்தார்கள். இன்னும் ஆர்டர் கொடுக்கவில்லை. ஆர்கானிக் காட்டன் சிங்கிள் ஜெர்சி டி-ஷர்ட், 4 கலர், 12,000 பீஸ் என்று பேச்சு. இரண்டரை மணி நேரம் சுற்றிப் பார்த்தார்கள். அதே பயணத்தில் இன்னும் நாலைந்து கம்பெனிகளைப் பார்க்கப் போகிறார்கள்.

ஊருக்குத் திரும்பி லக்கேஜைப் பிரிக்கும்போது எந்தக் கம்பெனியில் யார் என்ன சொன்னார்கள் என்பது அவர்களுக்கே குழம்பியிருக்கும். முதலில் எழுத்தில் போய் நிற்பவர் சொல்வதுதான் அப்போது அவர்களுக்கு நினைவில் இருப்பதாக ஆகிவிடும். அதனால் மறுநாள் மதியத்துக்குள் மெயில் போய்ச் சேர வேண்டும். மூன்று நாள் கழித்து எவ்வளவு அழகாக எழுதினாலும் அதற்கு அந்த மதிப்பு கிடையாது.

அவர்கள் கிளம்பும் முன்பே பாதி வேலை

மெயில் எழுதுவது சுலபமா கஷ்டமா என்பது அவர்கள் கிளம்புவதற்கு முந்தைய பத்து நிமிடத்தில் முடிவாகிவிடும். சுற்றிவரும்போது ஒரு சின்ன நோட்டு கையில் இருக்கட்டும். போனில் டைப் செய்தால் வாட்ஸ்ஆப் பார்ப்பதாக நினைப்பார்கள். மீட்டிங் ரூமில் கடைசியாகக் காபி வரும்போது, "நான் எழுதி வைத்ததை ஒருமுறை வாசித்துவிடட்டுமா?" என்று கேட்டு, நீங்கள் குறித்ததைச் சத்தமாக வாசியுங்கள். புதிய ஆள் முதலாளி முன்னால் இப்படிப் பேசலாமா என்று கூச்சமாக இருக்கும். பேசலாம். அந்த இடத்தில்தான் பையர், "இல்லை, நான் கேட்டது 110/116 சைஸ், 98/104 இல்லை" என்று திருத்துவார். அந்தத் திருத்தம் மேசையிலேயே நடந்துவிட்டால் அரை நிமிடம். மெயில் போன பிறகு நடந்தால் ஒரு சாம்பிள் வீண்.

அவர்கள் போனதும் நேராக கம்ப்யூட்டர் முன்னால் உட்காராதீர்கள். நோட்டை எடுத்துக்கொண்டு சாம்பிள் செக்‌ஷனுக்குப் போங்கள். விருந்தாளி முன்னால் "முடியாது" என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் வாய் வராது. பையர் கேட்டபோது "ஒரு வாரத்துல குடுத்தரலாம்" என்று தலையாட்டிய சாம்பிள் மாஸ்டரிடம் தனியாகக் கேட்டால் வேறு பதில் வரும்.

"அண்ணா, ஃபிட் சாம்பிள் நெசமாவே ஒரு வாரத்துல வந்துருமா?"

"ஏம்மா, டெக் பேக் வந்தாத்தானே பேட்டர்ன் போட முடியும்? அது வந்து பத்து நாள் குடு. அவங்க முன்னாடி எப்பிடிச் சொல்றது?"

ஃபிட் சாம்பிள் என்பது அளவு சரியா என்று பார்க்கத் தைப்பது, டெக் பேக் என்பது டிசைனும் அளவுகளும் எழுதி பையர் தருவது. சாயப்பட்டறைக்கும் ஒரு போன் போடுங்கள். கலர் ஒப்புதலுக்காகச் சாயமேற்றிக் காட்டும் துணித் துண்டான லேப் டிப்புக்கு எத்தனை நாள் வேண்டும், அந்த வாரம் அவர்கள் லேபில் கூட்டம் எப்படி என்று கேளுங்கள். மெயிலில் போகப்போகும் ஒவ்வொரு தேதிக்கும் பின்னால், அந்த வேலையைச் செய்யப்போகிறவர் வாயால் சொன்ன தேதி ஒன்று இருக்க வேண்டும். இதில் கழிகிற அரை மணி நேரத்தைப் பார்க்காதீர்கள். புது பையருக்கு முதல் தேதியே தவறினால் இரண்டாவது தேதியை அவர் நம்ப மாட்டார்.

பேசியது வேறு, ஒப்புக்கொண்டது வேறு

புதியவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். நோட்டில் உள்ள ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் ஒரு அடையாளம் போடுங்கள். இரண்டு தரப்பும் சரி என்று சொன்னதற்கு ஒன்று, பேசினோம் ஆனால் முடிவாகவில்லை என்பதற்கு இன்னொன்று, அவர்கள் பார்த்துக் குறை சொன்னதற்கு மூன்றாவது.

நம்மை மாட்டிவிடுவது "பார்க்கலாம்" என்ற சொல்தான். நாம் பார்க்கலாம் என்றால் அது பாதி மறுப்பு என்று நமக்குத் தெரியும். அதை ஆங்கிலத்தில் கேட்கும் பையருக்கு அது பாதிச் சம்மதம். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு பையர் பீஸுக்குப் பத்து செண்ட் குறைக்கச் சொல்லிக் கேட்டார். எங்கள் முதலாளி சிரித்துக்கொண்டே பார்க்கலாம் என்றார். நான் மரியாதையாக இருக்கட்டும் என்று "விலையைச் சாதகமாகப் பரிசீலிக்கிறோம்" என்று எழுதிவிட்டேன். இரண்டு வாரம் கழித்து ஆர்டர் வந்தது, பத்து செண்ட் குறைத்து. 15,000 பீஸ், 1,500 டாலர். கேட்டதற்கு என் மெயிலையே மேலே ஒட்டி அனுப்பினார்கள். அவர்கள் பக்கம் தப்பில்லை, நான் எழுதியதை அவர்கள் படித்த விதத்தில்தான் யாரும் படிப்பார்கள்.

நம் உதாரணத்தில் நடந்தது இது. 160 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 160 கிராம் எடையுள்ள துணியில் நாம் சொன்ன விலை 2.85 டாலர். பையர் 2.70 கேட்டார். "20,000 பீஸ் என்றால் பேசலாம்" என்றார் முதலாளி. இது இரண்டாவது ரகம். நிபந்தனையோடு சேர்த்து அப்படியே எழுத வேண்டும். 180 ஜிஎஸ்எம்முக்கும் ஒரு விலை கொடுங்கள் என்று பையர் கேட்டு, நாம் சரி என்றோம். இது முதல் ரகம். துணியின் எடை எட்டில் ஒரு பங்கு கூடுகிறது என்பதால் விலை கட்டாயம் மாறும். அதை இன்றே ஊகித்து எழுதிவிடாமல், எந்தத் தேதியில் தருகிறோம் என்று மட்டும் சொன்னால் போதும்.

சான்றிதழ் விஷயத்திலும் ஒரு பள்ளம் உண்டு. பையர் "ஜிஓடிஎஸ் சர்டிஃபிகேட் அனுப்புங்கள்" என்றார், நாமும் தலையாட்டினோம். ஜிஓடிஎஸ் என்பது ஆர்கானிக் துணிக்கான தரச் சான்று. அதில் எந்த சர்டிஃபிகேட்? நம் கம்பெனி ஆர்கானிக் துணியைக் கையாளத் தகுதி பெற்றது என்று காட்டுவது ஸ்கோப் சர்டிஃபிகேட். அது அதிகபட்சம் ஒரு வருடத்துக்குச் செல்லும், இன்றே அனுப்பலாம். இந்தச் சரக்கு ஆர்கானிக்தான் என்று காட்டுவது டிரான்ஸாக்‌ஷன் சர்டிஃபிகேட். அது சரக்கு கிளம்பிய பிறகு, அந்த ஷிப்மென்ட்டுக்கென்று வாங்குவது. வெறுமனே "சர்டிஃபிகேட் அனுப்புகிறோம்" என்று எழுதினால், சாம்பிளோடு டிரான்ஸாக்‌ஷன் சர்டிஃபிகேட்டும் வரும் என்று அவர் எதிர்பார்த்துக் காத்திருப்பார். பெயரை முழுதாக எழுதுங்கள். ஸ்கோப் சர்டிஃபிகேட்டை அனுப்பும் முன் அதன் காலாவதித் தேதியையும் ஒருமுறை பாருங்கள். காலாவதியானதை இணைத்து அனுப்பியவர்களை எனக்குத் தெரியும்.

மூன்றாவது ரகத்தை எழுதத்தான் எல்லாருக்கும் பயம். குவாலிட்டி ஆள் இரண்டு விஷயம் சொல்லிவிட்டுப் போனார். மெட்டல் டிடெக்டர் சோதனைப் பதிவேட்டில் திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் காலியாக இருந்தது. பேக்கிங் செக்‌ஷனின் அவசர வழியில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. "இதை எதற்கு நாமே எழுத்தில் கொடுக்கணும்?" என்று மேனேஜர் கேட்பார். குவாலிட்டி ஆள் தன் ரிப்போர்ட்டில் எப்படியும் எழுதுவார், அதுதான் காரணம். அந்த ரிப்போர்ட் போய்ச் சேரும்போது பக்கத்திலேயே நம் பதிலும் இருந்தால் விஷயம் அதோடு முடியும். ஆனால் செய்ததை மட்டும் எழுதுங்கள். பெட்டிகளை இன்றைக்கே எடுத்துவிடலாம், எடுத்த பிறகு போட்டோ பிடித்து இணைக்கலாம். பதிவேட்டில் விட்டுப்போன இரண்டு நாளை இப்போது நிரப்பி போட்டோ எடுப்பது மட்டும் கூடவே கூடாது. பழைய தேதிக்கு ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் எழுதியதைக் கண்டுபிடிப்பதுதான் அந்த ஆளின் தொழில்.

எழுதுவது

முதலில், வழக்கமாகப் போகும் மெயில் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

> தாங்கள் எங்கள் நிறுவனத்துக்கு வருகை தந்தது எங்களுக்குப் பெருமை. தங்கள் மதிப்புமிக்க நேரத்துக்கு மிக்க நன்றி. பேசியபடி சாம்பிள்களையும் சர்டிஃபிகேட்டையும் விரைவில் அனுப்புகிறோம். விலையைச் சாதகமாகப் பரிசீலிக்கிறோம். நீண்டகால உறவை எதிர்பார்க்கிறோம்.

கம்பெனி பெயரை மாற்றினால் இதை யார் வேண்டுமானாலும் யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். எந்த சாம்பிள், எந்த சர்டிஃபிகேட், விரைவில் என்றால் எப்போது என்று எதுவும் இல்லை. அவர் நமக்குத் தர வேண்டியது ஒன்று இருக்கிறதே, டெக் பேக், அதைப் பற்றி ஒரு வார்த்தை கூட இல்லை.

இனி நாம் அனுப்ப வேண்டியது. நிஜத்தில் இது ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே தமிழில் கொடுக்கிறேன், வரிசையும் வாக்கிய நீளமும் அங்கேயும் இதேதான்.

> பொருள்: மார்ச் 12 கம்பெனி விசிட் – குழந்தைகள் டி-ஷர்ட், 4 கலர் – அடுத்த வேலைகள்
>
> வணக்கம் மேடம்,
>
> நேற்று கட்டிங் முதல் பேக்கிங் வரை பொறுமையாகப் பார்த்ததற்கு உங்கள் இருவருக்கும் நன்றி. கழுத்து ரிப்பில் 5% எலாஸ்டேன் சேர்க்கலாம் என்று நீங்கள் சொன்னது சரியான யோசனை. ஃபிட் சாம்பிளை அப்படியே தைக்கிறோம்.
>
> முடிவு செய்தவை:
>
> 1. விலை: 160, 180 ஜிஎஸ்எம் இரண்டுக்கும், 12,000 பீஸுக்கு, தூத்துக்குடி எஃப்ஓபி விலை தருகிறோம். நாங்கள், திங்கள் 17 மார்ச்.
>
> 2. டெக் பேக், 4 கலருக்கும் பேன்டோன் டிசிஎக்ஸ் எண்கள்: நீங்கள், செவ்வாய் 18 மார்ச்.
>
> 3. லேப் டிப்: கலருக்கு 3 ஆப்ஷன், கூரியரில். நாங்கள், புதன் 26 மார்ச். (எண்கள் 18-ஆம் தேதி கிடைத்தால்.)
>
> 4. ஃபிட் சாம்பிள்: சைஸ் 110/116, 2 பீஸ், கையில் உள்ள துணியில். நாங்கள், சனி 29 மார்ச். (டெக் பேக் 18-ஆம் தேதி கிடைத்தால்.)
>
> 5. ஜிஓடிஎஸ் ஸ்கோப் சர்டிஃபிகேட்: இத்துடன் இணைத்துள்ளோம். டிரான்ஸாக்‌ஷன் சர்டிஃபிகேட் ஷிப்மென்ட்டுக்குப் பிறகு விண்ணப்பித்து அனுப்புவோம்.
>
> பேசினோம், முடிவாகவில்லை:
>
> 2.70 டாலர் விலை. 12,000 பீஸுக்கு எங்கள் விலை 2.85 டாலர்தான். 20,000 பீஸ் என்றால் மறுபடி கணக்குப் போட்டுச் சொல்கிறோம்.
>
> நீங்கள் சுட்டிக்காட்டியவை:
>
> பேக்கிங் அவசர வழியில் இருந்த பெட்டிகளை நேற்றே அகற்றிவிட்டோம், போட்டோ இணைப்பில். மெட்டல் டிடெக்டர் பதிவேடு 10, 11 தேதிகளில் எழுதப்படவில்லை என்பது உண்மை. இன்று முதல் ஷிஃப்ட் சூப்பர்வைசர் தினமும் பார்த்துக் கையெழுத்திடுகிறார். அடுத்த இரண்டு வாரப் பக்கங்களை 28-ஆம் தேதி அனுப்புகிறோம்.
>
> ஏதாவது விடுபட்டிருந்தால், அல்லது நீங்கள் புரிந்துகொண்டது வேறாக இருந்தால், திங்களுக்குள் சொல்லுங்கள். பட்டியலைத் திருத்தி அனுப்புகிறேன்.

நன்றி எத்தனை வரி என்று எண்ணிப் பாருங்கள். முதல் பத்தி மட்டும்தான், மூன்று சிறிய வாக்கியம். அதில் எலாஸ்டேன் பற்றிய வரிதான் உண்மையான நன்றி, ஏனென்றால் அவர் சொன்னதை நாம் காதில் வாங்கினோம் என்று அது காட்டுகிறது. இப்படி ஒரு வரி கிடைக்கவில்லை என்றால் வெறும் நன்றியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் பட்டு சால்வை போட்டது, மதியம் சாப்பிட்டது எல்லாம் மெயிலில் வேண்டாம்.

ஒவ்வொரு வேலையிலும் என்ன, யார், எப்போது என்று மூன்றும் இருக்கிறது. நான்காவதாக அடைப்புக்குறிக்குள் ஒன்று இருக்கிறதே, அது புதியவர்கள் விட்டுவிடுவது. லேப் டிப் 26-ஆம் தேதி என்பது அவர் எண்களை 18-ஆம் தேதி கொடுத்தால்தான். சாயப்பட்டறை கேட்டது ஏழு வேலை நாள், நமக்கு சனிக்கிழமையும் வேலை நாள், அப்படி எண்ணித்தான் 26 வந்தது. அவர் 24-ஆம் தேதி கொடுத்துவிட்டு 26-ஆம் தேதி எங்கே என்று கேட்டால், இந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றும். குற்றம் சாட்டுகிற தொனி இல்லாமல், முன்பே சொன்னதாக இருக்கும்.

தேதியைக் கிழமையோடும் மாதப் பெயரோடும் எழுதுங்கள். "அடுத்த வெள்ளி" என்றால் உங்களுக்கு ஒரு வெள்ளி, அவருக்கு இன்னொரு வெள்ளி. எண்களாலேயே எழுதினால், அமெரிக்க பையர் 03/04 என்பதை மார்ச் 4 என்று படிப்பார், நாம் ஏப்ரல் 3 என்று எழுதியிருப்போம். தேதி போடும் முன் காலண்டரில் பொங்கல், தீபாவளி பக்கமும் கண் ஓட்டுங்கள். தைப்பவர்கள் சொந்த ஊருக்குப் போனால் ஒரே நாளில் திரும்புவதில்லை, மிஷினும் அதுவரை ஓடாது. அதேபோல ஆகஸ்ட்டில் ஐரோப்பாவில் பாதி ஆபீஸ் விடுமுறையில் இருக்கும், அப்போது ஐந்து நாளில் கமென்ட் வரும் என்று கணக்குப் போட வேண்டாம்.

விலை தரும்போது அது எந்தத் தேதி வரை செல்லும் என்பதையும் எழுத வேண்டும். அது இந்த மெயிலில் இல்லை, 17-ஆம் தேதி போகும் கொட்டேஷனில் வரும். நூல் விலை மாதம் பிறந்தால் மாறக்கூடியது என்பதால் மார்ச் 31 வரை என்று போடுவது நமக்குப் பாதுகாப்பு.

அனுப்பும் முன்

பையர் நேராக வந்தாரா, நடுவில் நின்று ஆர்டர் பிடித்துத் தரும் பையிங் ஹவுஸ் மூலமாக வந்தாரா? பையிங் ஹவுஸ் என்றால் மெயில் அவர்களுக்குப் போக வேண்டும், பையர் சிசியில் இருக்கலாமா என்று அவர்களிடமே கேட்டுவிடுங்கள். அவர்களைத் தாண்டி நேரடியாக பையருக்கு எழுதுவது, நீங்கள் மனதில் ஒன்றும் நினைக்காமல் செய்தாலும், ஆளைத் தட்டிப் பறிப்பதாகத்தான் தெரியும். அதன் பிறகு அந்த பையிங் ஹவுஸிலிருந்து வேறு ஆர்டரும் வராது. சிசியில் மீட்டிங்கில் இருந்தவர்களை மட்டும் போடுங்கள். சாம்பிள் மாஸ்டருக்கும் சாயப்பட்டறைக்கும் உள்ளுக்குள் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம். விலை இருக்கும் மெயில் வெளியே ஜாப் ஒர்க் செய்பவர் கைக்குப் போகக் கூடாது.

இணைக்கும் போட்டோவைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். அவசர வழியைத்தான் எடுத்திருப்பீர்கள். ஆனால் ஓரத்தில் ஒரு பெட்டி, அதன் மேல் வேறொரு பிராண்டின் ஷிப்பிங் மார்க். பவர் டேபிளை எடுத்த போட்டோவில் வேறு பையரின் லேபிள் தொங்கும் பீஸ்கள். இதைப் பார்க்கும் புது பையர் முதலில் நினைப்பது, நாளைக்கு நம் டிசைனையும் இப்படித்தான் எல்லாருக்கும் காட்டுவார்கள் என்பதுதான். சந்தேகம் இருந்தால் போய் மறுபடி எடுங்கள்.

முதலாளியிடம் வாசித்துக் காட்டாமல் அனுப்ப வேண்டாம், குறிப்பாக "முடிவாகவில்லை" என்ற பகுதியை. தான் சொன்னது எப்படி எழுத்தாகியிருக்கிறது என்று அவர் பார்த்தே ஆக வேண்டும். சில சமயம், "20,000ன்னா சொன்னேன்? 25,000னு போடு" என்பார். பையர் காதில் விழுந்தது 20,000 என்றால் அதை மாற்ற முடியாது என்று அப்போதே சொல்லுங்கள். கோபப்படுவார், ஒத்துக்கொள்வார்.

அனுப்பிய பிறகு

பதில் வராமல் போவது சகஜம். பையர் இன்னும் பயணத்தில் இருப்பார். நெதர்லாந்து நேரம் குளிர்காலத்தில் நம்மைவிட நாலரை மணி நேரம் பின்னால், கோடையில் மூன்றரை. நம் காலை மெயிலுக்கு மதியம் வரை பதில் எதிர்பார்ப்பதில் அர்த்தமில்லை. மூன்று வேலை நாள் பொறுங்கள். அதற்குப் பிறகும் "ஏதாவது தகவல் உண்டா?" என்று மட்டும் எழுதாதீர்கள். 17-ஆம் தேதி கொடுப்பதாகச் சொன்ன விலையை அன்றே அதே மெயிலுக்குப் பதிலாக அனுப்புங்கள், கீழே ஒரு வரியில் "பேன்டோன் எண்கள் நாளை கிடைத்தால் 26-ஆம் தேதிக்கு வசதி" என்று சேருங்கள். நாம் நம் பங்கைச் செய்துவிட்டுக் கேட்கும்போது நினைவூட்டலாகவே தெரியாது.

அவர் ஒரு திருத்தம் சொன்னால், சொன்ன புள்ளியை மட்டும் மாற்றி முழுப் பட்டியலையும் மறுபடி அனுப்புங்கள், மாறிய வரியை வேறு நிறத்தில் காட்டுங்கள். புது மெயில் ஆரம்பிக்க வேண்டாம். ஆறு மாதம் கழித்து ஷிப்மென்ட் நேரத்தில் கழுத்து ரிப் பற்றி ஒரு சண்டை வந்தால் எல்லாரும் தேடுவது இந்த ஒரே மெயில் சங்கிலியைத்தான்.

தேதி தவறும் என்று தெரிந்தால் தவறுவதற்கு முன் சொல்லுங்கள். 25-ஆம் தேதி மாலை சாயப்பட்டறையிலிருந்து, "நேவி ப்ளூ ஷேடு சேரலை, மறுபடி ஓட்டணும்" என்று போன் வந்தால், மற்ற மூன்று கலரை 26-ஆம் தேதி கூரியரில் போட்டுவிட்டு, நேவி மட்டும் 29-ஆம் தேதி என்று அன்று மாலையே எழுதுங்கள். கூரியர் எண்ணையும் அதே மெயிலில் போடுங்கள். நாலும் சேர்ந்த பிறகு அனுப்பலாம் என்று காத்திருந்தால் பையருக்கு 26-ஆம் தேதி கையில் ஒன்றுமே இருக்காது.